ஹேக்கத்தான் கேப்ஷன்: போட்டி நாளில் வாசலில் வெடிக்கும் தவறுகள்

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைக் கல்லூரிகளிலிருந்து ஹேக்கத்தான் அறிவிப்புகள் இன்ஸ்டாகிராமில் வரிசையாக வரும். கேப்ஷன் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். போடுவதற்கு முன்னால் "அண்ணா, ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சிலர் எனக்கு அனுப்புவார்கள். எழுத்துப்பிழையையும் மங்கலான படத்தையும் அவர்களே திருத்திக்கொள்வார்கள். படிக்கும்போது சரியாகவே தெரிந்து, போட்டி நாளன்று காலையில் வாசலில் வெடிக்கிற தவறுகள் வேறு. வருஷா வருஷம் புது ஆட்கள் எழுதுகிறார்கள், அதே தவறுகள் திரும்ப வருகின்றன.

"அனைத்துக் கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்ளலாம்"

இந்த ஒரு வரி மேல்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இங்கே ஒரு கல்லூரியில் நடந்த ஹேக்கத்தானுக்கு உதவி செய்யப் போயிருந்தேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் டீம், நான்கு பையன்கள், முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தீப்பெட்டி வைக்கும் குடோனில் ஈரப்பதம் ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைச் செய்யத் திட்டம். சென்சார் வைத்த போர்டைத் துண்டில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான் ஒருவன். பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த மாணவி ஐடி கார்டைப் பார்த்துவிட்டு, "டிப்ளமோ அலவ்டு இல்லையே, டிகிரி மட்டும்தான்" என்றாள். "கேப்ஷன்ல எல்லா காலேஜும்னு போட்டிருந்துச்சே அக்கா" என்றான் அவன். அவளிடம் பதில் இல்லை. அவள் கையில் இருந்த விதிமுறைத் தாளில் 'இளநிலை, முதுநிலை மாணவர்கள்' என்று இருந்தது. அந்தத் தாளை வெளியே யாரும் பார்த்ததே கிடையாது. டீமுக்கு 300 ரூபாய் கட்டியிருந்தார்கள். அதைத் திருப்பித் தரவேண்டிய ஆள் யார் என்பதும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பையன்கள் மதிய பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

விதி இருந்தது, கேப்ஷனில் அது வரவில்லை. நம் பக்கத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே பொறியியல் கல்லூரிகளோடு கலை அறிவியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் நெருக்கமாக இருக்கின்றன. பிசிஏ மாணவன், பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி, டிப்ளமோ மூன்றாம் ஆண்டுப் பையன் மூன்று பேருமே தங்களைக் 'கல்லூரி மாணவர்' என்றுதான் சொல்வார்கள். எழுதுகிறவர் பொறியியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் அவர் மனதில் 'கல்லூரி' என்றால் பி.இ., பி.டெக். மட்டும்.

இன்னொரு காரணம், எழுதாமல் விட்ட இடத்தை மாணவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வது. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் டீமுக்கு 6 பேர், எல்லாரும் ஒரே கல்லூரி, குறைந்தது ஒரு பெண் இருக்கவேண்டும். அதில் கலந்துகொண்ட மாணவர்கள் எல்லா ஹேக்கத்தானுக்கும் அதுவே விதி என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் போட்டியில் வேறு கல்லூரி நண்பனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் ஆரணியில் ஒருவரும் ஆற்காட்டில் ஒருவருமாக இருக்கும் நல்ல டீம் பதிவே செய்யாமல் போய்விடும். அப்படி ஒரு டீம் இருந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் தகுதி வரியை எழுதும்போது ஐந்து கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். எந்தப் படிப்பு? எந்த ஆண்டு? டீமில் எத்தனை பேர், கல்லூரி கலக்கலாமா? நடத்தும் கல்லூரியின் மாணவர்களும் போட்டியிடலாமா? நுழைவுக்கு என்ன காட்டவேண்டும்?

ஆண்டு விஷயத்தில், போன வருஷம் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் பதிவு செய்வார்கள். பழைய ஐடி கார்டு அவர்களிடம் இருக்கும். வேண்டாம் என்றால் 'படிப்பை முடித்தவர்களுக்கு இல்லை' என்று நேராக எழுதிவிடுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கலாம். வாசலில் நிறுத்திச் சொல்வதற்கு இது எவ்வளவோ மேல்.

நான்காவது கேள்வியை யாருமே எழுதுவதில்லை. சொந்தக் கல்லூரி டீம் முதல் பரிசு வாங்கினால் வெளியூர் டீம்கள் முணுமுணுக்கும். அனுமதி உண்டு என்று முன்பே எழுதியிருந்தால் தெரிந்துதான் வந்தார்கள் என்று ஆகிவிடும்.

ஐந்தாவதில் ஐடி கார்டு போதுமா, துறைத்தலைவர் கையெழுத்தோடு போனஃபைட் சான்றிதழ் வேண்டுமா என்பது வரவேண்டும். போனஃபைட் வாங்க இரண்டு மூன்று நாள் அலையவேண்டியிருக்கும். முந்தின நாள் இரவு குரூப்பில் சொன்னால் யாராலும் வாங்க முடியாது.

"1 லட்சம் ரூபாய் பரிசு!"

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் கேட்கும் கேள்வி, கையில் வரும் பணம் எவ்வளவு என்பதுதான். ஒரு கேப்ஷனைப் பிரித்துப் பார்த்தோம். முதல் பரிசு 20,000, இரண்டாம் பரிசு 12,000, மூன்றாம் பரிசு 8,000. ஆக ரொக்கம் 40,000. மீதி 60,000 ரூபாய், ஆன்லைன் கோர்ஸ் தள்ளுபடிக் கூப்பன்களின் 'மதிப்பு'. கூப்பன் கொடுப்பதில் தப்பில்லை. அதை ரொக்கத்தோடு கூட்டி ஒரே எண்ணாகப் போடுவதுதான் தப்பு. பரிசு வாங்கிய டீம் மேடையை விட்டு இறங்கியதும் கணக்குப் போடும், அடுத்த வருஷம் உங்கள் போஸ்டரை அவர்கள் ஜூனியர்களிடம் காட்டி என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரொக்கத்தைத் தனி வரியில் எழுதுங்கள், மற்றதைத் தனி வரியில் எழுதுங்கள். தொகை டீமுக்கா, ஆளுக்கா என்பதும் வேண்டும். நான்கு பேர் டீமுக்கு 20,000 என்றால் ஆளுக்கு 5,000. 'முதல் பரிசு 20,000' என்று மட்டும் போட்டால் ஆளுக்கு அவ்வளவு என்று நம்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பான்சர் வாய்மொழியாகச் சொன்ன தொகையை, பணம் கைக்கு வரும் வரை கேப்ஷனில் ஏற்றாதீர்கள்.

"கடைசி தேதி: 14, இரவு 12 மணி"

13ஆம் தேதி இரவு தூங்கப் போகும் நேரமா, 14ஆம் தேதி இரவா? பாதிப் பேர் ஒன்றும் பாதிப் பேர் மற்றொன்றும் நினைப்பார்கள். 'மார்ச் 13, வெள்ளி, இரவு 11.59' என்று எழுதினால் இரண்டு அர்த்தம் வராது. கிழமையையும் சேர்த்து எழுதுவது உங்களுக்கும் நல்லது. தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் எழுதும்போதே கண்ணில் படும்.

அப்புறம், ஒரு ஹேக்கத்தானில் கெடு ஒன்றோடு நிற்பதில்லை. பெயர் பதிவு, கட்டணம், ஐடியா பிபிடி என்று மூன்றும் தனித்தனி நாளில் இருக்கும். கேப்ஷனில் ஒரே தேதியைப் போட்டால் அது எதற்கானது என்று தெரியாமல் பெயரை மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பிபிடி வராததால் டீம் தானாக வெளியே போய்விடும். 'முதலில் வரும் 40 டீம்கள் மட்டும்' என்ற வரம்பு இருந்தால் அதையும் தேதியின் பக்கத்திலேயே போடவேண்டும். இல்லாவிட்டால் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஃபார்ம் மூடியிருப்பதைப் பார்த்தவர்கள் உங்களை ஏமாற்றுக்காரர்கள் என்பார்கள்.

தேதியை நீட்டித்தால் இன்னொரு சிக்கல். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனைத் திருத்தலாம், போட்ட படத்தை மாற்ற முடியாது. படத்தில் பழைய தேதியும் கீழே புதிய தேதியும் நிற்கும். படத்தை மட்டும் சேமித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறவர்கள் மூலம் பழைய தேதிதான் ஊரெல்லாம் போகும். நீட்டித்தால் புதுப் படத்தோடு புதுப் பதிவு போடுங்கள், பழைய பதிவை எடுத்துவிடுங்கள்.

முதல் வரியில் "வணக்கம் நண்பர்களே, இதோ வந்துவிட்டது..."

இன்ஸ்டாகிராம் முதல் ஒன்றிரண்டு வரியைத்தான் காட்டும், மீதி 'more' அழுத்தினால்தான் வரும். அந்த இடத்தை வாழ்த்துக்குச் செலவழிக்காதீர்கள்.

கேப்ஷனுக்குள் பதிவு லிங்க்

அங்கே அழுத்தினால் திறக்காது, பயோவில் வையுங்கள்.

சரி, எழுதினால் எப்படி இருக்கும்

மேலே சொன்னதையெல்லாம் வைத்து ஒரு மாதிரி. பெயரும் எண்களும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

> 24 மணி நேர ஹேக்கத்தான், வேலூர், மார்ச் 21–22 (சனி, ஞாயிறு). பதிவு மார்ச் 13 வெள்ளி இரவு 11.59 வரை, அல்லது 40 டீம் நிறையும் வரை.
>
> யார் வரலாம்: இப்போது படித்துக்கொண்டிருக்கும் பி.இ., பி.டெக்., பிசிஏ, பிஎஸ்சி, எம்சிஏ, டிப்ளமோ மாணவர்கள், எந்த ஆண்டும். படிப்பை முடித்தவர்களுக்கு இல்லை. டீமுக்கு 2 முதல் 4 பேர். வெவ்வேறு கல்லூரி, வெவ்வேறு துறை சேரலாம். எங்கள் கல்லூரி டீம்களும் போட்டியிடும்.
>
> கொண்டுவர: கல்லூரி ஐடி கார்டு, லேப்டாப். போனஃபைட் தேவையில்லை.
>
> ரொக்கப் பரிசு, டீமுக்கு: 20,000 / 12,000 / 8,000 ரூபாய். முதல் மூன்று டீமுக்கும் கூடுதலாக ஆன்லைன் கோர்ஸ் கூப்பன். முழு நேரமும் பங்கேற்ற எல்லாருக்கும் சான்றிதழ்.
>
> கட்டணம்: டீமுக்கு 300 ரூபாய், பதிவின்போதே. தேர்வாகாத டீமுக்கு முழுத் தொகையும் மார்ச் 20க்குள் திரும்ப வரும்.
>
> ஐடியா பிபிடி: மார்ச் 15 ஞாயிறு இரவு 11.59. தேர்வான டீம்கள் பட்டியல்: மார்ச் 17 செவ்வாய் மாலை.
>
> இரவு தங்க மாணவர், மாணவியருக்குத் தனித்தனி இடம் உண்டு. பதிவு லிங்க் பயோவில்.

ஐடியா பிபிடியைப் பதிவு முடிந்து இரண்டு நாள் தள்ளி வைத்திருப்பது கடைசி நேரத்தில் சேர்கிறவர்களுக்காக. பட்டியலைச் செவ்வாய்க்கிழமையே சொல்வது ஆன் டியூட்டி அனுமதிக்காக. சனிக்கிழமை வகுப்பு இருக்கும் கல்லூரி மாணவர்கள், தேர்வான தகவலைக் காட்டித்தான் துறையில் ஆன் டியூட்டி வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை இரவு பட்டியல் வந்தால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. தங்கும் இடம் பற்றிய வரி இல்லாவிட்டால் வெளியூர் மாணவிகளுக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது கஷ்டம். 24 மணி நேரப் போட்டிக்கு இதை விடவே கூடாது.

எழுதி முடித்ததும் பதிவு மேசையில் உட்காரப்போகிறவரையும் கட்டணம் வசூலிக்கிறவரையும் கூப்பிட்டு, விதிமுறைத் தாளோடு கேப்ஷனை வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தாளில் இருந்து கேப்ஷனில் இல்லாத வரி ஏதாவது இருந்தால், அதைப் பதிவு போடுவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

தொடர்புக்கு ஒரே ஒரு எண்

இரண்டு எண் கொடுங்கள், அழைக்கும் நேரத்தையும் போடுங்கள்; வகுப்பு நேரத்தில் ஒருங்கிணைப்பாளரின் போன் சைலண்ட்டில்தான் இருக்கும்.