இடது கையால் எழுதும் குழந்தையின் மணிக்கட்டு ஏன் வளைகிறது? பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடது கையால் எழுதும் குழந்தைகள் பலர் கையைக் கொக்கிபோல வளைத்து, வரிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இடது கைப் பழக்கம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது நோட்டு தவறாக வைக்கப்பட்டதால் வரும் வளைவு. வலது கைக்காரர்களுக்கு ஏற்ற நிலையில் நோட்டை வைத்துக் கொடுத்தால், குழந்தை தன் கண்ணுக்கு வழி தேடிக் கையை வளைத்துக்கொள்கிறது.

தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகப் போகின்றன. வலது கையால் எழுதுபவரின் கை, எழுதி முடித்த எழுத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். எழுதியது தெரியும், மையும் ஈரம் காயும்வரை தொடப்படாமல் இருக்கும். இடது கை அப்படியல்ல. பென்சில் முனைக்குப் பின்னால் கை வருகிறது, இப்போதுதான் எழுதிய எழுத்தின் மேலேயே உட்காருகிறது. என்ன எழுதினோம் என்று பார்க்க முடியாத குழந்தை, கையை வரிக்கு மேலே தூக்கி, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி எழுதப் பார்க்கிறது. எழுத்து இப்போது தெரிகிறது. ஆனால் விரல்கள் கட்டுண்டு போகின்றன.

ஏன் என்று தெரிய, உங்கள் மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கி, அந்த நிலையிலேயே கையை இறுக மூடிப் பாருங்கள். முழுதாக மூடாது, பிடியில் வலுவும் இருக்காது. மணிக்கட்டு மடங்கினால் விரல்களின் இயக்கம் குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்டக் குழந்தை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும். கணு வெளுக்கும், அரைப்பக்கத்திலேயே "கை வலிக்குது" என்று உதறும்.

இங்கேதான் பெரியவர்கள் முதல் தவறைச் செய்கிறோம். "கையை நேரா வை, மணிக்கட்டை மடக்காதே" என்று கையைத் திருத்தப் போகிறோம். நோட்டு அதே இடத்தில் இருக்கும்வரை, குழந்தை கையை நேராக்கினால் எழுத்து மறைந்துவிடும். அதனால் இரண்டு வரி சொன்னபடி எழுதிவிட்டு மறுபடி வளைத்துக்கொள்ளும். பிடிவாதம் என்று இதைக் கண்டிப்பது நியாயமில்லை. முதலில் நகர வேண்டியது நோட்டு.

நோட்டில் இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று இடம். நோட்டைக் குழந்தையின் நெஞ்சுக்கு நேர் எதிரே வைக்காமல், நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். நடுவிலேயே வைத்தால், வரியின் முடிவுக்கு வரும்போது முழங்கை விலாவில் இடித்துக்கொள்ளும். அப்போது கை போக இடமில்லாமல் மணிக்கட்டுதான் வளையும்.

இரண்டாவது சாய்வு. கடிகார முள் சுற்றும் திசையில் நோட்டைத் திருப்புங்கள். மேல் விளிம்பு வலப்பக்கமாகச் சாயும், கீழ் வலது மூலை குழந்தையின் வயிற்றை நோக்கி வரும். 30 முதல் 45 பாகை வரை திருப்பலாம், எந்த அளவு ஒத்துவருகிறது என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். கோணமானி எதுவும் தேவையில்லை. எழுதும் இடது முன்கையை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். நோட்டின் நீளப் பக்க விளிம்பு அந்த முன்கைக்கு இணையாக இருந்தால் சாய்வு சரி.

வலது கைக் குழந்தைகளுக்கு நோட்டு எதிர்த்திசையில் சாயும். "நோட்டை இப்படிச் சாய்த்து வையுங்கள்" என்று வகுப்பு முழுவதுக்கும் ஒரே திசையைக் காட்டினால், இடது கைக் குழந்தைக்கு அது நேர் எதிரான பாடம். நேராக வைத்ததைவிட அந்தச் சாய்வில் கை இன்னும் அதிகமாக வளையும்.

இந்தச் சாய்வால் கிடைக்கும் இன்னொரு பலன் அதிகம் பேசப்படுவதில்லை. வலது கை, பென்சிலை வரியின் வழியே இழுத்துக்கொண்டு போகிறது. இடது கை அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளும்போது கூர்முனை தாளில் குத்தும், சிலசமயம் கிழிக்கும். 'ப', 'ட' போன்ற எழுத்துகளின் அடிக்கோடு, தள்ளல் நன்றாகத் தெரியும் இடம். நோட்டைக் கடிகாரத் திசையில் திருப்பினால் வரியின் திசையும் திரும்பி, வலப்பக்கம் போகும்போதே கொஞ்சம் உடலை நோக்கி இறங்குகிறது. தள்ளலில் ஒரு பங்கு இழுப்பாக மாறிவிடுகிறது. அதனால்தான் நோட்டைத் திருப்பிய உடனேயே கோடு மென்மையாக விழுவதைச் சில குழந்தைகள் தாங்களே கவனித்துச் சொல்வார்கள்.

நோட்டு சரியானபின் பிடியைப் பாருங்கள். பென்சிலை முனைக்கு மிக அருகில் பிடிக்கப் பழக்குவது அடுத்த தவறு. வலது கைக்கு முனையிலிருந்து 2 முதல் 2.5 செ.மீ. போதும். இடது கைக்கு 2.5 முதல் 4 செ.மீ. வரை தள்ளிப் பிடித்தால்தான் விரல்களுக்கு இப்பால் எழுத்து தெரியும். அந்த இடத்தில் ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால், நாம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. கை வரிக்குக் கீழே இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் தாளில் படிந்து, பென்சிலின் பின்முனை இடது தோளைப் பார்க்க வேண்டும். பின்முனை குழந்தையை விட்டு விலகி எதிர்ப்பக்கம் பார்த்தால் கை மறுபடி கொக்கியாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

மேசை உயரத்தையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மேசை உயரமாக இருந்தால் மேலே சொன்ன எதுவுமே நிற்காது. உட்கார்ந்த நிலையில் மேசைப் பலகை முழங்கை மட்டத்தில், அல்லது அதைவிடச் சற்றே மேலே இருக்கலாம். அதற்கும் மேலே போனால் தோள் தூக்கிக்கொள்ளும், முழங்கை பக்கவாட்டில் விரியும், கை வரிக்கு மேலே போய்விடும். இருக்கையில் மெத்தை போட்டு உயர்த்துங்கள். அப்போது பாதம் தொங்கும் என்பதால் காலுக்கடியில் ஒரு பெட்டியோ பலகையோ வையுங்கள். விளக்கு வலப்பக்கத்திலிருந்து வரட்டும், இடப்பக்கம் இருந்தால் தன் கையின் நிழலிலேயே எழுத வேண்டியிருக்கும்.

முதல் வகுப்பில் படிக்கும் ஆறு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு வரி ஓரளவு நன்றாக இருக்கிறது. பக்கத்தின் கீழ்ப்பாதியில் எழுத்து பெரிதாகி, கோட்டை விட்டு இறங்குகிறது. கையின் சுண்டுவிரல் ஓரம் கரி படிந்திருக்கிறது. இதைப் பார்த்து "கவனக்குறைவு, சோம்பல்" என்று சொல்வோம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் பாருங்கள். நோட்டு நெஞ்சுக்கு நேராக, சாயாமல் இருக்கிறது. மேல் வரிகளில் முன்கை மேசையில் படிந்திருக்கிறது. வரிகள் கீழே வர வர, நோட்டு அசையாமல் கைதான் கீழே இறங்குகிறது. பக்கத்தின் பாதிக்கு மேல் போனதும் முழங்கை மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. தாங்கல் போன கை மணிக்கட்டை மடக்குகிறது. எழுத்து சரிந்த வரியும், முழங்கை தொங்கிய வரியும் ஒன்றாக இருப்பதைக் காண்பீர்கள்.

செய்ய வேண்டியது இது. நோட்டை இடப்பக்கம் தள்ளி, மேலே சொன்ன அளவில் சாயுங்கள். அந்த நிலையிலேயே நோட்டின் இடது விளிம்பை ஒட்டி மேசையில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிடுங்கள். நாளைக்குக் குழந்தை தானே நோட்டை அந்தக் கோட்டில் வைத்துக்கொள்ளும். வலது கை சும்மா மடியில் கிடக்கக் கூடாது, தாளைப் பிடிப்பதும் நகர்த்துவதும் அதன் வேலை. மூன்று நான்கு வரி எழுதியதும் வலது கையால் நோட்டை அந்தக் கோட்டின் வழியே மேலே தள்ளச் சொல்லுங்கள். கை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க, தாள் நகர வேண்டும். முதல் வாரம் இதை மட்டுமே கவனியுங்கள். எழுத்தின் அழகு, பிடி, பிழை எதையும் பேசாதீர்கள். இரண்டாம் வாரம் ரப்பர் வளையம். எழுத்தின் வடிவத்தை அதற்கும் பிறகு தொடலாம்.

தினமும் பத்து நிமிடம் போதும். புது நிலையில் ஆரம்பத்தில் வேகம் குறையும், எழுத்து முன்பைவிட மோசமாகக்கூடத் தெரியும். அந்த வாரத்தில்தான் பலர் "பழையபடியே எழுதட்டும்" என்று கைவிட்டுவிடுகிறார்கள். முன்னேற்றத்தை எழுத்தின் அழகில் தேடாமல், பக்கத்தின் கடைசி ஐந்து வரிகளில் தேடுங்கள். மேல் வரிகளுக்கும் அவற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். குழந்தையிடம் சொல்லும் பாராட்டும் அதையே சுட்டட்டும்: "கடைசி வரி வரைக்கும் நோட்டை நீயே மேலே தள்ளிட்டு வந்தே!" என்றால், நாளை எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

பார்த்து எழுதும் பயிற்சி நோட்டுகளில் இன்னொரு தடை இருக்கிறது. மாதிரி எழுத்து வரியின் இடது ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். இடது கை வைத்த உடனே மாதிரி மறைந்துவிடும். குழந்தை கையைத் தூக்கிப் பார்க்கும், எழுதும், மறுபடி தூக்கும். இல்லையென்றால் தான் முன்பு எழுதிய எழுத்தைப் பார்த்து எழுதி, அதிலுள்ள பிழையையும் சேர்த்து நகலெடுக்கும். அதே மாதிரியை வலது ஓரத்திலும் எழுதிக் கொடுங்கள். கம்பிச் சுருள் நோட்டு வேண்டாம், இடப்பக்கச் சுருள் கைக்கடியில் உறுத்தும். மேற்புறம் கட்டிய நோட்டு நல்லது. நீண்ட பெஞ்சில் இடது கைக் குழந்தையை இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் வலது முழங்கையோடு மோதல் இருக்காது.

பென்சில் மென்மையாக இருக்கட்டும். ஹெச்பி குத்தினால் 2பி கொடுங்கள், ஊசிபோலச் சீவாதீர்கள். பேனாவுக்கு மாறும்போது மெதுவாகக் காயும் ஜெல் மையைத் தவிர்த்து, சட்டென்று காயும் பந்துமுனைப் பேனாவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து நேராகவோ சற்று இடப்பக்கம் சாய்ந்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். வலப்பக்கச் சாய்வைக் கட்டாயப்படுத்தினால் கை மறுபடி வளையும்.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை எந்தக் கைக் குழந்தைக்கும் சாதாரணம். எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினால் போதும், அதற்காகக் கையை மாற்றச் சொல்ல வேண்டாம். ஆறு வயதுக்குப் பிறகும் எந்தக் கை என்று நிலைக்காமல் மாறிக்கொண்டே இருந்தாலோ, நோட்டையும் மேசையையும் சரிசெய்த பிறகும் வலி போகாவிட்டாலோ எழுதுவது போன்ற அன்றாடக் கை வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வளைந்த கையோடு, வலியில்லாமல், தெளிவாக, போதிய வேகத்தில் எழுதினால் அதைக் கலைக்க வேண்டாம். வருடக்கணக்கில் படிந்த பழக்கம் அது. வலி இருந்தால் மட்டும் நோட்டின் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், எங்கே நிறுத்துவது என்பதை அந்தப் பிள்ளையின் கையே சொல்லிவிடும்.