தராசில் குறைந்தது தண்ணீர்தான்

திருகோணமலைக் கடற்கரையில் எடை குறைக்கவென்று பிளாஸ்டிக் வியர்வை உடை அணிந்து ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஓடுமுன் 72 கிலோ, அரை மணி நேரம் ஓடியபின் 71 கிலோ என்றால், போனது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி உண்டு; அந்த ஓட்டம் எரித்தது முந்நூறு சொச்சம். தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும்.

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரமான நம் கடற்காற்றில் அது ஏற்கெனவே மெதுவாகத்தான் நடக்கிறது. பிளாஸ்டிக் அதையும் தடுத்துவிடும். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடையைக் கழற்றி, நிழலில் அமர்ந்து, உடலை நனைத்து விசிறுங்கள். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ தாமதிக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

வயிற்றைக் குறைக்கவென்று கட்டும் இடுப்புப் பட்டியும் இப்படித்தான்: இறுக்கும், வியர்க்க வைக்கும், கழற்றினால் வயிறு பழையபடி. ‘டிடொக்ஸ்’ தேநீர்ப் பெட்டியில் நிலாவாரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பேதி மருந்து; பெருங்குடலில் வேலை செய்கிறது. சாப்பாட்டின் கலோரிகள் பெரும்பாலும் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும்.

எடையைக் காலையில், மலசலம் கழித்தபின், சாப்பிடுமுன் பாருங்கள். வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள்.