வசனத்தைச் சுருக்கும்போது எங்கே வெட்டக்கூடாது?

ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறீர்கள். அதில் குஜராத்தின் உப்புப் பாலையான கட்ச் சிறு ரண்ணில் உப்பு விளைவிக்கும் ஒருவர் குஜராத்தியில் 7 விநாடி பேசுகிறார் என்று வையுங்கள். அதைத் தமிழில் அப்படியே எழுதினால் இப்படி வரும்: “மழைக்காலம் முடிந்த பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து, நிலத்துக்கு அடியில் இருக்கிற உப்புநீரை மோட்டார் வைத்து இறைத்துப் பாத்தியில் பாய்ச்சுவோம்.”

இது ஒரே திரைக்கு, அதாவது ஒரே தடவையில் தோன்றும் வரிகளுக்கு, நீளம் என்று பாதியில் வெட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. முதல் திரை “அடியில் இருக்கிற” என்று நின்றுவிடும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதனால் பார்ப்பவர் பாதி வாக்கியத்தை மனத்தில் சுமந்துகொண்டு அடுத்த திரைக்குக் காத்திருப்பார். அந்த நேரத்தில் உப்பளக்காரரின் முகத்தைப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு திரைக்கும் சொந்தமாக ஒரு வினைமுற்று கொடுங்கள்:

மழை முடிந்ததும் குடும்பத்தோடு
இங்கே வந்துவிடுவோம்.

நிலத்தடி உப்புநீரை இறைத்துப்
பாத்தியில் பாய்ச்சுவோம்.

மோட்டார் போய்விட்டது, பரவாயில்லை. அது படத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் “குடும்பத்தோடு” என்பதில் கை வைக்காதீர்கள். பின்னால் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு பற்றிய காட்சி வந்தால், அதற்கான வித்து இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. படம் முழுவதையும் ஒருமுறை பார்க்காமல் சுருக்க உட்காரவே கூடாது என்பேன்.

எழுத்து எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. “குடும்பத்தோடு” நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடு குறிகளை எண்ணும் மென்பொருளுக்கு அது 13, ஏனென்றால் உகரக் குறி, புள்ளி எல்லாம் அங்கே தனிக் கணக்கு. ஆங்கிலத்துக்கு வைத்த வரம்பு தாண்டியதாகச் சிவப்பு காட்டியதும் பயந்து நல்ல சொல்லை நீக்கிவிடுகிறார்கள். முதல் திரை மொத்தம் ஏறக்குறைய 30 எழுத்து; மூன்றரை விநாடியில் நிதானமாகப் படிக்கலாம். சந்தேகம் வந்தால் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். படித்து முடித்து முகத்தையும் பார்க்க நேரம் இருந்தால் சரி.

எனக்கு மனசு பொறுக்காத தவறு இன்னொன்று. சொன்னவரின் தயக்கத்தை வெட்டுவது. “கிணறு முப்பது அடி ஆழம் இருக்கும்னு நினைக்கிறேன்” என்கிறார். திரையில் “கிணற்றின் ஆழம் 30 அடி” என்று வருகிறது. அவர் குத்துமதிப்பாகச் சொன்னதை நாம் சாட்சியமாக்கிவிட்டோம். ஆவணப்படத்தில் இது பெரிய பிழை. இத்தனைக்கும், தமிழில் இடம் மிச்சப்படுத்தவே வழி இருக்கிறது. “முப்பது அடி இருக்கும்” என்றாலே மதிப்பீடு என்று புரிந்துவிடும்.

“இங்கே முன்பு கடல் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்” என்பதும் அப்படித்தான். “முன்பு இங்கே கடல் இருந்ததாம்.” அந்த ‘ஆம்’ அவ்வளவு நீளத்தையும் சுமந்துகொள்கிறது. அதையும் எடுத்துவிட்டு “இருந்தது” என்று முடித்தால், கேள்விப்பட்டதை நேரில் கண்டவராக அவரை மாற்றிவிடுகிறோம்.