முதல் வகைப் பிழையும் இரண்டாம் வகைப் பிழையும்: ஒரு சர்க்கரைப் பரிசோதனை முகாமை வைத்துப் படிப்படியாக

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் நடந்த ஒரு சர்க்கரைப் பரிசோதனை முகாமில், கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் பதிவேடு எழுதும் வேலையை ஏற்றுக்கொண்டிருந்தேன். அன்று வந்தவர்களில் இருவரை நான் மறக்கவில்லை. ஒருவர் மாங்காய் மண்டியிலிருந்து வேலைக்கு நடுவே வந்த அக்கா. அவருக்குக் கருவி 212 காட்டியது. மற்றவர் கள் இறக்கும் தொழிலாளி. அவருக்கு 136 காட்டியது. அக்காவுக்கு நோய் இல்லை, தொழிலாளிக்கு இருந்தது. கருதுகோள் சோதனையில் நேரும் இரண்டு வகைப் பிழைகளும் அந்த ஒரே மேசையில் அடுத்தடுத்து நடந்தன என்பதால், இந்தப் பாடத்தை அந்த மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: இன்மைக் கருதுகோளை வாக்கியமாக எழுதுங்கள்

எந்தச் சோதனையிலும் முதலில் நாம் ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு, அதற்கு எதிராகப் போதிய ஆதாரம் கிடைக்கிறதா என்று பார்க்கிறோம். அதுவே இன்மைக் கருதுகோள். இங்கே அது “இவருக்கு நீரிழிவு நோய் இல்லை” என்பது. மாற்றுக் கருதுகோள் “இவருக்கு நோய் இருக்கிறது” என்பது. நோய் இல்லாதவரை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், உண்மையான இன்மைக் கருதுகோளை நிராகரித்துவிட்டோம். அது முதல் வகைப் பிழை. நோய் உள்ளவரை ஒன்றும் இல்லை என்று அனுப்பினால், பொய்யான இன்மைக் கருதுகோளை நிராகரிக்கத் தவறிவிட்டோம். அது இரண்டாம் வகைப் பிழை.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்பவர்கள்தான் தேர்வில் மாற்றி எழுதுகிறார்கள். நெய்மன், பியர்சன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகளில் வகுத்த இந்தப் பாகுபாடு, எதை இன்மைக் கருதுகோளாக வைத்தோம் என்பதை மட்டுமே பொறுத்தது. “நோய் இருக்கிறது” என்பதை இன்மைக் கருதுகோளாக எடுத்தால் இரண்டு பெயர்களும் இடம் மாறிவிடும். ஆகவே அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: ஆல்ஃபாவை முடிவு செய்து, அதிலிருந்து எல்லையைக் கண்டுபிடியுங்கள்

விரல் நுனியில் குத்தி, சாப்பிட்ட நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் எடுக்கும் அளவீட்டைப் பற்றிப் பேசுகிறோம். நோய் இல்லாதவர்களின் அளவு டெசிலிட்டருக்கு 115 மில்லிகிராம் சராசரியும் 20 திட்ட விலக்கமும் கொண்ட இயல்நிலைப் பரவலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கிடுவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்; உண்மையான பரவல் வலப்புறம் சற்றே நீண்டிருக்கும்.

நோய் இல்லாத நூறு பேரில் ஐந்து பேரை வீணாக அலையவிடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தால், ஆல்ஃபா 0.05. முதல் வகைப் பிழை நேரும் நிகழ்தகவு அதுவே. இந்தத் தீர்மானத்தை அளவீடுகளைப் பார்ப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். பிறகு அந்தப் பரவலில் எந்த எண்ணுக்கு மேல் ஐந்து சதவீதம் மட்டும் மிஞ்சுகிறது என்று கூகுள் ஷீட்ஸிலோ எக்ஸெலிலோ கேட்கலாம்:

```
=NORM.INV(0.95, 115, 20)
```

விடை 147.9. ஆகவே 148-ஐ எல்லையாக வைப்போம்: 148-ம் அதற்கு மேலும் வந்தால் மேற்பரிசோதனைக்கு அனுப்புவோம், குறைந்தால் அனுப்பமாட்டோம்.

படி 3: பீட்டாவைக் கணக்கிடுங்கள்

இந்த எல்லையை வகுக்கும்போது நோய் உள்ளவர்களைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நோய் உள்ளவர்களின் சராசரி 190, திட்ட விலக்கம் 40 என்று எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேர் 148-க்குக் கீழே விழுகிறார்கள் என்று இப்போது கேட்போம்:

```
=NORM.DIST(148, 190, 40, TRUE)
```

விடை 0.147. இதுதான் பீட்டா, இரண்டாம் வகைப் பிழையின் நிகழ்தகவு. ஏறத்தாழ ஏழு நோயாளிகளில் ஒருவர் “ஒன்றும் இல்லை” என்ற பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போவார். மீதி 0.853 சோதனையின் திறன். ஆல்ஃபாவை நாம் தேர்ந்தெடுத்தோம். பீட்டாவோ அந்தத் தேர்வின் விளைவாக வந்து சேர்ந்தது. அறிக்கைகள் பலவற்றில் முதலாவது மட்டும் எழுதப்பட்டு இரண்டாவது விடுபட்டுப் போவதற்கு இதுவே காரணம்.

படி 4: நிகழ்தகவை ஆட்களாக மாற்றுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து அவசரமாகக் கடக்க வேண்டாம். முகாமுக்கு வரும் 1,000 பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாத 900 பேரில் ஐந்து சதவீதம், அதாவது 45 பேர், எல்லையைத் தாண்டுவார்கள். நோய் உள்ள 100 பேரில் 85 பேர் தாண்டுவார்கள், 15 பேர் தப்பிவிடுவார்கள். மொத்தம் 130 பேர் கையில் மேற்பரிசோதனைக்கான சீட்டோடு நிற்கிறார்கள்; அவர்களில் 45 பேருக்கு நோய் இல்லை. அது 35 சதவீதம்.

“ஆல்ஃபா ஐந்து சதவீதம், ஆகவே சீட்டு வாங்கியவர்களில் ஐந்து சதவீதம் பேருக்குத்தான் தவறு நேர்ந்திருக்கும்” என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். ஆல்ஃபா என்பது நோய் இல்லாதவர்களில் எத்தனை பங்கு தவறாக மாட்டுகிறார்கள் என்பது. மாட்டியவர்களில் எத்தனை பங்கு நோய் இல்லாதவர்கள் என்பது வேறொரு கேள்வி. அதற்கான விடை, வந்த கூட்டத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதே முகாமை இளைஞர்கள் மட்டும் வரும் இடத்தில் நடத்தி, 1,000 பேரில் 20 பேருக்கு மட்டுமே நோய் இருந்தால், எல்லையையும் கருவியையும் மாற்றாமலேயே சீட்டு வாங்குபவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நோயற்றவர்களாக இருப்பார்கள். ஷீட்டில் நீங்களே எண்ணை மாற்றிப் பாருங்கள்.

படி 5: எல்லையை நகர்த்திப் பாருங்கள்

முதலில் சொன்ன 1,000 பேருக்கே திரும்புவோம். எல்லையை 148-லிருந்து 140-க்கு இறக்கினால் தப்பிப்போகும் நோயாளிகள் 15-லிருந்து 11 ஆகக் குறைகிறார்கள். வீணாக அலையும் ஆட்கள் 45-லிருந்து 95 ஆக ஏறுகிறார்கள். 130-க்கு இறக்கினால் தப்புபவர்கள் 7 பேர், வீணாக அலைபவர்கள் 204 பேர். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். ஒரே அளவீட்டை வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் நகர்த்துகிறவரை இதற்கு மாற்று கிடையாது.

எங்கே நிறுத்துவது என்பதைச் சூத்திரம் சொல்லாது. பிழையின் விலைதான் சொல்லும். எங்கள் பகுதியில் மேற்பரிசோதனை என்றால் வெறும் வயிற்றோடு காலையில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். தென்னையில் ஏறுபவருக்கு அது ஒரு நாள் கூலி. தப்பிப்போகும் நோயாளிக்கோ கண்ணும் சிறுநீரகமும் காலும் விலையாகலாம். ஆகவே சந்தேகம் வந்தவரை மறுபடி சோதிக்க வழி இருக்கும் முகாமில் எல்லையைத் தாழ்த்தி வைப்பதே சரி என்பது என் முடிவு. ஆனால் சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் ஆய்வகத்துக்கே போகவில்லை என்றால், தாழ்த்தி வைத்ததால் கிடைத்த பலனில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

படி 6: இரண்டையும் சேர்த்துக் குறைக்கும் வழி

இரண்டு பரவல்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால்தான் பிழை நேர்கிறது; அந்தப் படிவைக் குறைத்தால் இரண்டும் குறையும். ஒருவரிடமே நான்கு முறை அளந்து சராசரி எடுத்தால் திட்ட விலக்கம் பாதியாகிவிடும் என்று பாடநூல் சூத்திரத்தை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அந்த 20 என்ற எண்ணில் கருவியின் தடுமாற்றமும் இருக்கிறது, ஆளுக்கு ஆள் உள்ள இயல்பான வேறுபாடும் இருக்கிறது. மறுபடி மறுபடி அளப்பது முதலாவதைத்தான் குறைக்கும். பரவல்களை உண்மையிலேயே பிரிப்பது வேறு அளவீடு: எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து ஆய்வகத்தில் எடுக்கும் இரத்தச் சர்க்கரை 126-ம் அதற்கு மேலும், அல்லது கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நோய் என்று கொள்வார்கள். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே முடிவை நம்பாமல் இரண்டு முடிவுகளைக் கேட்பதும் முதல் வகைப் பிழைக்கு அஞ்சியே.

படி 7: கணக்குக்கு வெளியே இருக்கும் பிழையைத் தேடுங்கள்

மாங்காய் மண்டி அக்காவிடம் வருகிறேன். 212 என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்களோடு இருந்த செவிலியர் அவர் விரல்களைப் பார்த்துவிட்டு, “அக்கா, பழம் அறுத்தீங்களா? சோப்புப் போட்டுக் கையக் கழுவி நல்லாத் தொடச்சிட்டு வாங்க” என்றார். வேறு விரலில் மறுபடி குத்தியபோது 118 வந்தது. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு இரத்தத் துளியோடு கலந்து அளவை ஏற்றியிருந்தது. மேலே துடைத்த ஸ்பிரிட் பஞ்சு அதை முழுவதும் எடுக்கவில்லை. நாம் நிர்ணயித்த ஐந்து சதவீதத்தில் இந்தப் பிழை சேராது. அந்தக் கணக்கு, சுத்தமான விரலில் எடுத்த அளவுகளின் பரவலுக்கு மட்டும் பொருந்தும். பழம் அறுத்துவிட்டு வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கும் இதே பிழை ஒரே திசையில் நேரலாம்.

தொழிலாளிக்கு நேர்ந்தது இதைவிடக் கனமானது. அன்றைய எல்லை 140. அவர் அளவு 136. “சுகர் இல்லீங்க” என்று சொல்லி அனுப்பினோம். சொல்லியிருக்க வேண்டியது, “இன்றைய அளவில் நோய்க்கு ஆதாரம் கிடைக்கவில்லை” என்பது; நிராகரிக்கத் தவறுவதும் உண்மை என்று நிறுவுவதும் ஒன்றல்ல. எட்டு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு அவர் வந்தபோது, வெறும் வயிற்றில் 174 இருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு, முகாமன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். “நேத்து ராத்திரிச் சோறுதானுங்க. விடியறதுக்கு முன்னாடி மரம் ஏறப் போயிட்டு, அப்படியே வந்தேனுங்க” என்றார்.

சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் கலந்த பரவலுக்கு வகுத்த எல்லையை, பத்து மணி நேரத்துக்கு மேல் வயிறு காய்ந்திருந்த ஒருவர்மீது வைத்திருந்தோம். அவரைப் பொறுத்தவரை ஒப்பிட வேண்டிய எண் 126. விரலில் எடுத்த அளவு என்றாலும், 136 அவரை ஆய்வகத்துக்கு அனுப்பப் போதுமானது. அதன் பிறகு எங்கள் பதிவேட்டில் அளவு எழுதும் கட்டத்துக்கு முன்னால் “கடைசியாகச் சாப்பிட்ட நேரம்” என்று ஒரு கட்டம் சேர்ந்தது. அதை நிரப்பாமல் யார் விரலிலும் ஊசி வைப்பதில்லை.