பாலும் வினிகரும் சேர்த்துப் பட்டர்மில்க் மாற்று: செய்முறையும் அது சொதப்பும் இடங்களும்

கேக், பான்கேக், பிஸ்கட் குறிப்புகளில் 'பட்டர்மில்க் 1 கப்' என்று வந்தால், அது தண்ணீர் விட்டுக் கடைந்த மோர் அல்ல. நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த, கெட்டியான, புளிப்பான பால். அது கையில் இல்லாதபோது பாலில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்து சமாளிக்கலாம். ஆனால் அந்த மாற்று, பட்டர்மில்க்கின் புளிப்பில் ஒரு பகுதியை மட்டுமே தருகிறது, கெட்டித்தன்மையைத் தருவதில்லை. பெரும்பாலான சொதப்பல்கள் இந்த இரண்டையும் மறப்பதால் வருபவைதான்.

செய்முறை (1 கப், அதாவது 240 மி.லி.)

1. அளவுக் கோப்பையில் முதலில் 1 டேபிள்ஸ்பூன் (15 மி.லி.) வெள்ளை வினிகரையோ, விதை நீக்கி வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றுங்கள்.
2. அதன்மேல் 240 மி.லி. கோடு வரை பால் ஊற்றுங்கள். பால் சுமார் 225 மி.லி. பிடிக்கும்.
3. ஸ்பூனால் இரண்டு சுற்று மட்டும் கலக்கிவிட்டு, 10 நிமிடம் அப்படியே விடுங்கள்.
4. மாவில் ஊற்றும் முன் இன்னொரு முறை கலக்குங்கள். மேலே நிற்கும் நீரை வடிக்க வேண்டாம், அதில்தான் புளிப்பு இருக்கிறது.

வினிகர் பாட்டிலில் 5% என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சைச் சாறும் ஏறக்குறைய அதே வலிமைதான், அதனால் இரண்டுக்கும் ஒரே அளவு போதும். வினிகர் வாசனை அடுப்பில் பெரும்பாலும் போய்விடும். எலுமிச்சை மணம் கொஞ்சம் தங்கும். வெனிலா கேக்குக்கு அது பொருந்தும், சாக்லேட்டுக்கு வினிகரே மேல்.

கொழுப்பு நீக்காத பால்தான் இதற்கு நல்லது. கொழுப்பு நீக்கிய பாலும் திரியும், ஆனால் இன்னும் நீர்த்து நிற்கும். பால் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் திரிவதற்கு நேரம் பிடிக்கும். சூடான பாலை மட்டும் பயன்படுத்தவே கூடாது. கட்டி தனியாக, நீர் தனியாகப் பிரிந்துவிடும்; அதைக் கலக்கி ஒன்றாக்க முடியாது.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

கண்ணாடி டம்ளரில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். சுவரில் வழிந்து இறங்கும் பாலில், சன்ன ரவை ஒட்டியதுபோல வெள்ளைப் பொடித் திப்பிகள் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் கெட்டியாகாது.

இந்த இடத்தில்தான் பலர் 'இன்னும் கெட்டியாகவில்லையே' என்று இரண்டாவது ஸ்பூன் வினிகரை ஊற்றுகிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். நிஜ பட்டர்மில்க்கில் புளிப்பு பல மணி நேரமாக மெதுவாக ஏறுகிறது. பாலின் கேசின் புரதம் நிதானமாக ஒன்றோடொன்று கைகோத்து, வலைபோல நீரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வழவழவென்று கெட்டியாகிறது. நாம் அமிலத்தை ஒரேயடியாக ஊற்றும்போது அதே புரதம் வலை பின்ன நேரமில்லாமல் திப்பி திப்பியாக ஒட்டிக்கொள்கிறது. கூடுதல் வினிகர் திப்பியைப் பெரிதாக்கும், நீரைப் பிரிக்கும், கேக்கைப் புளிக்கவைக்கும். கெட்டியாக்காது.

சோடாக் கணக்கு: பான்கேக் எடுத்துக்காட்டு

ஒரு குறிப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மைதா 1 கப் (125 கிராம்), பட்டர்மில்க் 1 கப், சமையல் சோடா அரை டீஸ்பூன், முட்டை 1.

ஒரு கப் நிஜ பட்டர்மில்க்கில் உள்ள புளிப்பு கிட்டத்தட்ட அரை டீஸ்பூன் சோடாவைச் செரித்துவிடும். ஆனால் 5% வினிகர் ஒரு டேபிள்ஸ்பூனில் இருக்கும் அமிலம் முக்கால் கிராம்தான். அது செரிக்கக்கூடிய சோடா ஒரு கிராம் சொச்சம், அதாவது கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. குறிப்பில் உள்ள அரை டீஸ்பூனை அப்படியே போட்டால் பாதிச் சோடா மிஞ்சி நிற்கும். மிஞ்சிய சோடாவை அடையாளம் காண்பது எளிது: பான்கேக் வேகமாகக் கருஞ்சிவப்பாகும், நாக்கில் சோப்புச் சுவையும் லேசான கசப்பும் தெரியும். 'வினிகர் போட்டதால் இப்படி' என்று பலர் வினிகரைக் குறை சொல்வார்கள். உண்மையில் வினிகர் போதாமல்தான் அது நடக்கிறது.

இதைச் சரிசெய்ய வினிகரைக் கூட்ட வேண்டாம், சோடாவைக் குறையுங்கள். கால் டீஸ்பூன் சோடா போட்டு, குறைத்த கால் டீஸ்பூனுக்கு ஈடாக 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்தால் அதே உப்பல் கிடைக்கும். பேக்கிங் பவுடரில் அதற்குத் தேவையான அமிலமும் சேர்ந்தே இருப்பதால் புளிப்புப் பற்றாக்குறை வராது.

அடுத்தது நீர்த்தன்மை. மாற்று, பட்டர்மில்க்கைவிடத் தண்ணீராக இருப்பதால் மாவு தோசைக்கல்லில் பரந்து ஓடி, பான்கேக் தட்டையாகும். எனவே பாலை 225-க்குப் பதில் 195 மி.லி. எடுங்கள், வினிகர் அதே 15 மி.லி. மாவு ஸ்பூனிலிருந்து பட்டையாக, தயங்கி விழ வேண்டும். நூலாக ஓடினால் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா தூவுங்கள்.

கலந்ததும் ஊற்றிவிடுங்கள். சோடாவும் அமிலமும் சேர்ந்த நொடியிலேயே வாயு கிளம்பத் தொடங்கிவிடுகிறது. அரை மணி நேரம் மாவை வைத்துவிட்டு ஊற்றினால் அந்த வாயுவில் பெரும்பகுதி போயிருக்கும்.

எங்கே இது உதவாது?

சமைக்காமல் அப்படியே சாப்பிடும் எதிலும் இதைப் போடாதீர்கள். சாலட் சாஸ், குளிர்ந்த சூப், குடிக்கும் பானம் போன்றவற்றில் பட்டர்மில்க்கின் சுவையே பிரதானம். அந்த வெண்ணெய் மணம் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. இங்கே கிடைப்பது வினிகர் வாடை அடிக்கும் பால்தான். அதே காரணத்தால், இதை உறைமோராக ஊற்றி வேறு பாலைப் புளிக்கவைக்கவும் முடியாது; பட்டர்மில்க்குக்கு உரிய நுண்ணுயிர்கள் இதில் இல்லை.

பொரிக்கும் கோழிக்கு ஊறவைக்க எடுத்தால் புளிப்பு ஏறும், ஆனால் இறைச்சியில் ஒட்டாமல் வழிந்துவிடுவதால் மேல்மாவு சீராகப் பிடிக்காது. கெட்டித்தன்மை தேவைப்படும் இத்தகைய இடங்களில் முக்கால் கப் தயிரில் கால் கப் பால் அடித்துச் சேர்ப்பது எவ்வளவோ மேல். தயிர் வீட்டில் இருந்தால், பேக்கிங்குக்கும் நாங்கள் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான்.

தாவரப் பால்களில் சோயா பால் மட்டும் ஓரளவு நன்றாகத் திரியும். பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் திப்பி கட்டாவிட்டால் வினிகர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவற்றில் கேசினும் இல்லை, சோயாவில் உள்ள அளவுக்குத் திரியக்கூடிய புரதமும் இல்லை. அமிலம் உள்ளேதான் இருக்கிறது, சோடாவோடு தன் வேலையைச் செய்யும். சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பூன் கலவையை எடுத்து ஒரு சிட்டிகை சோடாவைத் தூவுங்கள். உடனே ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கினால் மாவில் ஊற்றலாம். பொங்கவில்லை என்றால் வினிகர் நீர்த்துப்போனதாக இருக்கும், அல்லது சோடா பழையதாக இருக்கும். வினிகரை மட்டும் ஒரு ஸ்பூனில் எடுத்து அதே சோடாவைத் தூவினால் எது குற்றவாளி என்பது தெரிந்துவிடும்: சீறிப் பொங்கினால் இரண்டுமே நன்றாக இருக்கின்றன, அளவில்தான் பிசகியிருக்கிறீர்கள். அங்கேயும் பொங்காவிட்டால், வேறு புதிய சோடாவைத் தூவி இன்னொரு முறை பாருங்கள்.