ஆப்பிளில் அடித்த பூண்டு வாடை

காலையில் நறுக்கிய ஆப்பிளில் பூண்டு வாடை. வெட்டுப்பலகையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், காய்ந்ததும் வாடை திரும்பிவிட்டது. சாறு கத்திக் கீறல்களுக்குள் இறங்கியிருந்தது, மேலே தேய்த்து என்ன பயன்?

அப்புறம் இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் பலகையில் பரப்பி, அரை எலுமிச்சையைக் கவிழ்த்துப் பிடித்து, மரத்தின் ரேகை போகும் வாக்கில் அழுத்தித் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் உப்பு சாம்பல் நிறச் சேறாகிவிட்டது. வழித்துப் போட்டுக் கழுவி, நிழலில் நிமிர்த்தி வைத்தேன். முன்பு ஒருமுறை வெயிலில் வைத்து ஓரம் வெடித்துவிட்டது.

வாடை போய்விட்டது. நடுவிலிருந்த பழுப்புக் கறை மட்டும் போகவில்லை; உப்புத்தாள் போட்டு இழைத்த பிறகுதான் போனது. இப்போது பூண்டுக்குப் பலகையின் ஒரு பக்கம், பழத்துக்கு மறுபக்கம்.