விழா போஸ்டரில் தமிழ் எழுத்து: சின்ன போனிலும் புள்ளியும் சுழியும் தெரிய வேண்டுமென்றால்

போஸ்டர் செய்பவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துச் செய்கிறார். படிப்பவர் பார்ப்பதோ ஆறரை சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில், அதுவும் பல நேரம் படத்தைத் திறக்காமலே, வாட்ஸ்அப் உரையாடலில் இன்னும் சுருங்கிக் கிடக்கும் நிலையில். இப்படிச் சுருங்கும்போது தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்து சுழிகள். 'கோயில்' என்பதில் உள்ள இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகத் தெரியும், 'தீபாவளி' 'திபாவளி' ஆகும், 'மணி'யில் இருக்கும் மூன்று சுழி ண இரண்டு சுழி ன போல மங்கிவிடும். அதனால் ஃபான்ட், அளவு, நிறம் எதை முடிவு செய்தாலும், இந்தப் புள்ளியும் சுழியும் தப்புமா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு பொங்கல் விழா அழைப்பை எடுத்துக்கொள்வோம். மேலே தலைப்பு, நடுவில் நாள், நேரம், இடம், கீழே பன்னிரண்டு விருந்தினர் பெயர்கள். பின்னணியில் கரும்பும் கோலமும் உள்ள ஒரு போட்டோ.

படி 1: படத்தின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

அகலம் 1080, உயரம் 1350 பிக்சல் வைத்துக்கொள்ளலாம். எழுத்து அளவுகள் எல்லாம் இந்த 1080-ஐ வைத்துத்தான் கணக்கு, அதனால் பாதியில் இதை மாற்றாதீர்கள். அகலம் முழுவதும் ஆறரை சென்டிமீட்டருக்குள் அடங்கப் போகிறது என்றால், படத்தில் 35 பிக்சல் உயரமுள்ள ஓர் எழுத்து போனில் சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும்.

படி 2: ஃபான்ட் எடுங்கள், ஆனால் தலைப்புக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று

நாள், நேரம், இடம் போன்ற விவரங்களுக்கு `Noto Sans Tamil`, `Mukta Malar`, `Hind Madurai` மூன்றில் எது பிடிக்கிறதோ அதை எடுங்கள், மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும், மூன்றிலும் சுழிகளுக்குள் இடைவெளி நன்றாகத் திறந்திருக்கும். தலைப்புக்கு `Baloo Thambi 2` மாதிரி தடித்து உருண்ட எழுத்து விழாக் களையைத் தரும். `Kavivanar` போன்ற சாய்ந்த கையெழுத்து வகையும் அழகுதான், ஆனால் அதைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், விலாசத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஃபான்டை மாற்றிய பிறகும் எழுத்தின் உருவம் கொஞ்சம்கூட மாறவில்லையா? அந்த ஃபான்டில் தமிழ் இல்லை, ஆப் தானாகவே வேறொன்றைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதேபோல் பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததைக் காட்டாது, அவற்றை விட்டுவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால் தவறு ஃபான்டில் இல்லை, `World-Ready Layout` அமைப்பு போடாமல் இருக்கும்.

எடுத்த ஃபான்டில் முதலில் இந்த வரியை அடித்துப் பாருங்கள்:

```
கெ கே கி கீ ண ன க க் கோயில் மண்டபம் மணி
```

எந்த இரண்டு எழுத்துக்கு வித்தியாசம் தேட வேண்டியிருக்கிறதோ, அவை போனில் ஒன்றாகவே தெரியும்.

படி 3: அளவை எண்ணால் அல்ல, 'ப'வால் அளவிடுங்கள்

இதில்தான் புதிதாகச் செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு ஃபான்டிலும் 60 என்று போட்டாலும் ஒன்றில் எழுத்து பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் வரும், ஏனென்றால் அந்த எண் 'கி'யில் மேலே போகும் விசிறிக்கும் 'கூ'வில் கீழே போகும் வாலுக்கும் சேர்த்து விட்ட இடத்தைக் குறிக்கிறது, எழுத்தின் உடலை அல்ல. அதனால் 'ப' என்று அடித்து, அதே உயரத்துக்கு ஒரு பெட்டி வரைந்து பெட்டியின் உயரத்தைப் பாருங்கள். விவரங்களில் 'ப' 35 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது, நாளும் நேரமும் 45 வரை இருந்தால் நல்லது, தலைப்பு 80-க்கு மேல். அப்புறம் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, விவர வரியில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளியைப் பாருங்கள். அது 8 பிக்சலாவது அகலம் வேண்டும். இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது `SemiBold` தடிமனுக்குப் போங்கள். `ExtraBold` விவரத்துக்கு வேண்டாம், புள்ளி பெரிதாகும், ஆனால் ண-வின் சுழிகள் அடைந்துபோகும்.

நம் போஸ்டரில் 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று ஒரே வரியில் இந்த அளவுக்குப் போட முடியாது, தமிழ் எழுத்து அகலமானது. இரண்டு வரியாக உடையுங்கள். எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி ஒரே வரியில் திணித்தால் முதலில் நசுங்குவது சுழிதான். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை நிறையக் கூட்டுவதும் தவறு, சில ஆப்களில் கொம்பு ஒரு பக்கம், காலும் மெய்யும் வேறு பக்கம் என்று பிரிந்து நிற்கும். வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்கு வையுங்கள், மேல்வரியின் 'கூ' வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்காது.

சரி, அந்தப் பன்னிரண்டு பெயர்கள்? இந்த அளவில் அவை பக்கத்தில் பாதியைத் தின்றுவிடும், 'ப'வை 20 பிக்சலுக்கு இறக்கினால் யாராலும் படிக்க முடியாது. என் கருத்தில் பெயர்களை இரண்டாவது படமாகப் போடுவதுதான் அந்த விருந்தினர்களுக்கும் மரியாதை.

படி 4: நிறம்

உரையாடலில் அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். அப்போது வெளிச்ச வித்தியாசம் ஓரளவு தப்பும், நிற வித்தியாசம் அதிகம் கரையும். பச்சைக் கரும்புத் தோகையின் மேல் சிவப்பு எழுத்து கணினியில் பளிச்சென்று இருந்துவிட்டு போனில் விளிம்பு கலங்கித் தெரிவது இதனால்தான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எழுத்து பின்னணியோடு கலந்துபோனால் அந்த ஜோடி உதவாது. வெளிர் மஞ்சளில் அடர் மெரூன், அடர் பச்சையில் வெள்ளை, இவை தாங்கும்.

போட்டோவின் மேல் நேராக எழுதாமல், விவரப் பகுதிக்குப் பின்னால் ஒரே நிறப் பட்டை ஒன்று போடுங்கள். பலர் அதற்குப் பதில் எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளைக் கோடு போடுகிறார்கள், அந்தக் கோடு பல ஆப்களில் எழுத்தின் உள்பக்கமும் வளர்ந்து சுழியை அடைத்துவிடும்.

படி 5: போனிலேயே சோதனை

படத்தை PNG-ஆகச் சேமித்து, உங்களிடம் இருப்பதிலேயே சின்ன போனுக்குச் சாதாரணப் படமாக அனுப்புங்கள், கோப்பாக அல்ல. திறக்காமல், கையை நீட்டிப் பிடித்து, திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், நாளும் நேரமும் அப்படியே தெரிய வேண்டும். பிறகு திறந்து, இந்த விழாவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இடத்தின் பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்தால் பயனில்லை, மனதில் உள்ளதைத்தான் வாசிப்பீர்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அந்த வரியை மட்டும் பெரிதாக்கி மறுபடி அனுப்புங்கள். கடைசியாக அதே படத்தை வேறொரு போனுக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப வாங்கி, புள்ளிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் குழுவில் போடுங்கள்.